நாலு டிஜிட் செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேவ ஸ்கேன் பண்றது எப்படி: அடிக்கடி வர்ற கேள்விகள்

இங்க எல்லா பதிலும் ஒரே சர்க்யூட்டை வெச்சுதான் சொல்லியிருக்கேன். காமன் ஆனோட் டிஸ்ப்ளே நாலு டிஜிட், 5 வோல்ட் சப்ளை, 555 டைமர், 74HC393 கவுன்டர், 74HC139 டீகோடர், 74HC153 ரெண்டு, 74LS47 ஒண்ணு, BC557 ட்ரான்சிஸ்டர் நாலு. டிஸ்ப்ளேல வர வேண்டிய நம்பர் 2508. வலது ஓரத்துல இருக்குற 8ஐ டிஜிட் 0ன்னு வெச்சுக்கோங்க, அப்படியே இடது பக்கமா 1, 2, 3.

"ஒரே ஏழு வயர் நாலு டிஜிட்டுக்கும் போகுது, அப்புறம் எப்படி நாலு வேற வேற நம்பர் தெரியுது?"

எந்த ஒரு நேரத்துலயும் ஒரே ஒரு டிஜிட்தான் எரியுது. நாலு டிஜிட்டோட a செக்மென்ட்டும் ஒண்ணா சேர்த்து ஒரே லைன், b எல்லாம் ஒரே லைன், இப்படி g வரைக்கும் ஏழு லைன். அந்த ஏழு லைன்ல 8ஓட பேட்டர்ன் போகும்போது டிஜிட் 0க்கு மட்டும் ஆனோட்ல கரன்ட் கொடுக்குறோம், மத்த மூணுக்கும் ஆனோட் கட்டா இருக்கறதால அங்க எதுவும் எரியாது. அடுத்த 2.5 மில்லிசெகண்ட்ல அதே லைன்ல 0ஓட பேட்டர்ன், இப்போ டிஜிட் 1க்கு மட்டும் கரன்ட். நாலும் முடிய 10 மில்லிசெகண்ட், அதாவது செகண்டுக்கு 100 ரவுண்டு, கண்ணுக்கு நாலும் சேர்ந்து நிக்கிற மாதிரி தெரியும்.

தனித்தனியா ஓட்டணும்னா 28 வயர் வேணும், இப்படி ஸ்கேன் பண்ணா 7 + 4, மொத்தம் 11தான். அந்த நாலும் ரெண்டு பிட் கவுன்டர்ல இருந்து வர்றதால கன்ட்ரோல் பக்கம் பார்த்தா வெறும் ரெண்டு லைன்.

"டீகோடர் வெச்சு டிஜிட்டை மாத்தியாச்சு, ஆனா நாலுலயும் 8888ன்னே வருது, ஏன்?"

கவுன்டரோட ரெண்டு பிட்டும் ரெண்டு இடத்துக்குப் போகணும், பல பேர் ஒரு இடத்துக்கு மட்டும் கொடுத்துட்டு விட்டுடறாங்க. முதல் இடம் 74HC139, அது எந்த டிஜிட் எரியணும்னு முடிவு பண்ணும். ரெண்டாவது இடம் 74HC153, அது யாரோட நம்பர் செக்மென்ட் லைனுக்குப் போகணும்னு முடிவு பண்ணும். ஒரு 153க்குள்ள நாலுல ஒண்ணை எடுக்குற மக்ஸ் ரெண்டு இருக்கு, ஒரு நம்பரை பைனரில எழுதற பிசிடிக்கு நாலு பிட் வேணும்ங்கறதால ரெண்டு ஐசி. அந்த நாலு பிட் 74LS47க்குப் போய் ஏழு செக்மென்ட்டா மாறி வெளிய வரும்.

இந்த சர்க்யூட்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படற விஷயமே இதுதான். "எந்த இடம்", "எந்த நம்பர்" ரெண்டையும் ஒரே ரெண்டு பிட் ஒரே நேரத்துல தீர்மானிக்கணும். இது புரிஞ்சா டிஸ்ப்ளேல தப்பா வர்ற நம்பரைப் பார்த்தே எந்த வயர் போச்சுன்னு சொல்லிடலாம், மீட்டரே எடுக்க வேணாம். 2508க்கு பதிலா என்ன வருதுன்னு பாருங்க.

8888 வந்தா மக்ஸோட செலக்ட் ரெண்டும் 0லயே நிக்குது, அதனால எப்பவும் டிஜிட் 0ஓட டேட்டாதான் போகுது. 5588 வந்தா மக்ஸோட செலக்ட்ல கீழ் பிட்டான A மட்டும் 0ல மாட்டியிருக்கு, 00உம் 10உம்தான் அதுக்குத் தெரியுது, அதனால 8ம் 5ம் ரெண்டு ரெண்டு தடவை வருது. 0808 வந்தா மேல் பிட்டான B 0ல மாட்டியிருக்கு. 2200 வந்தா A எப்பவும் 1ல இருக்கு. 2058ன்னு நடு ரெண்டு மட்டும் இடம் மாறி வந்தா Aவையும் Bயையும் மாத்தி சொருகியிருக்கீங்க, ஏன்னா மாத்தினாலும் 00உம் 11உம் அப்படியேதான் இருக்கும், 01உம் 10உம்தான் இடம் மாறும். இந்த 2058 கேஸ்தான் ப்ரெட்போர்டுல அதிகமா வரும், காரணம் 139ல A, B பக்கத்துப் பக்கத்துல 2, 3வது பின்ல இருக்கு, ஆனா 153ல B 2வது பின், A எதிர் வரிசைல 14வது பின், பின் அவுட்டைப் பார்க்காம பழக்கத்துல சொருகினா கண்டிப்பா மாறிடும்.

தப்பு டீகோடர் பக்கம் இருந்தா அடையாளமே வேற. 139ஓட A 0ல மாட்டினா ரெண்டு டிஜிட் முழுசா அணைஞ்சு, டிஜிட் 0உம் 2உம் மட்டும் எரியும், அதுல ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு நம்பர் ஏறி நிக்கும். டிஜிட் 2ல 5ம் 2ம் சேர்ந்து 8 மாதிரி தெரியும், ஆனா உத்துப் பார்த்தா a, d, g மூணு படுக்கைக் கோடும் நல்லா பிரகாசமாவும், பக்கக் கோடு நாலும் பாதி வெளிச்சத்துலயும் இருக்கும்.

"ஒரே ஒரு டிஜிட் மட்டும் ரொம்ப பிரைட்டா எரியுது, மத்தது டெட். டிஸ்ப்ளே போச்சா?"

டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு, கவுன்டர் ஓடல. கால்வாசி நேரம் எரிய வேண்டியது முழு நேரமும் எரியறதாலதான் அவ்வளவு பிரைட். எரியறது வலது ஓர டிஜிட்னா முதல்ல 74HC393ஓட 2வது பின்னைப் பாருங்க, அது க்ளியர், ஹையா இருந்தா கவுன்டர் 00லயே உக்காந்துடும், அதை க்ரவுண்டுக்குக் கட்டணும். சும்மா விட்டாலும் ஆபத்துதான், 74HC ஃபேமிலில மிதக்குற இன்புட் எதை வேணும்னாலும் படிக்கும், கை கிட்ட போனா வேலை செய்யும், எடுத்தா நின்னுடும். வேற டிஜிட் எரிஞ்சா 555ல இருந்து பல்ஸ் வருதான்னு பாருங்க.

"ஸ்கேன் ஸ்பீடு எவ்வளவு வெக்கணும்? வேகமா வெச்சா இன்னும் நல்லா இருக்குமா?"

வேகமா வெக்க வெக்க நல்லதுன்னு நினைக்காதீங்க, இதுக்கு கீழயும் லிமிட் இருக்கு, மேலயும் லிமிட் இருக்கு. ஒரு ரவுண்டு செகண்டுக்கு 50க்குக் கீழ போனா துடிக்கிறது தெரிய ஆரம்பிக்கும், தலையை ஆட்டினாலோ டிஸ்ப்ளேவ கையில எடுத்து அசைச்சாலோ 50க்கு மேலயும் தெரியும். 100ல நிம்மதியா இருக்கலாம். 100 ரவுண்டு, நாலு டிஜிட், ஆக கவுன்டருக்கு 400 ஹெர்ட்ஸ் வேணும்.

555ல `f = 1.44 / ((RA + 2*RB) * C)`. RA 1 கிலோ ஓம், RB 180 கிலோ ஓம், C 10 நேனோ ஃபாரட் போட்டா 399 ஹெர்ட்ஸ் வருது, நமக்கு இது போதும்.

மேல் லிமிட் ட்ரான்சிஸ்டரால வருது. BC557ஐ நல்லா சாச்சுரேட் பண்ணி வெச்சிருக்கோம், அதை ஆஃப் பண்ணச் சொன்னாலும் பேஸ்ல தேங்கின சார்ஜ் வெளிய போக மைக்ரோசெகண்ட் அளவுல டைம் எடுக்கும். ஒரு டிஜிட்டுக்கு 2500 மைக்ரோசெகண்ட் கொடுக்கும்போது அந்த ஒண்ணு ரெண்டு மைக்ரோசெகண்ட் கண்ணுக்கே வராது. அதையே 25 மைக்ரோசெகண்டா குறைச்சா அதே ஒரு மைக்ரோசெகண்ட் 4 சதவீதம் ஆயிடும், பக்கத்து நம்பரோட நிழல் மங்கலாத் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் வேகமாப் போனா நாலு நம்பரும் ஒண்ணோட ஒண்ணு கலந்து எல்லாமே 8 மாதிரி ஆயிடும்.

"எரியக்கூடாத செக்மென்ட் லேசா எரியுது, இந்த கோஸ்ட்டிங் எங்க இருந்து வருது?"

முதல்ல எந்த வகை நிழல்னு கண்டுபிடிங்க, அதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. 2508ஐ எடுத்துட்டு 1118 கொடுங்க, ரூம் லைட்டை அணைச்சிட்டுப் பாருங்க. 1ல b, c ரெண்டுதான் எரியணும், அதனால மிச்ச அஞ்சு செக்மென்ட்ல துளி வெளிச்சம் வந்தாலும் பளிச்சுனு தெரியும். கவுன்டர் 0, 1, 2, 3ன்னு போயிட்டு திரும்ப 0க்கு வருது, அதாவது 8க்கு முன்னாடி எரியறது இடது ஓரத்துல இருக்குற டிஜிட் 3.

நிழல் அந்த இடது ஓர 1ல தெரிஞ்சா, பழைய டிஜிட்டோட ட்ரான்சிஸ்டர் அணையறதுக்குள்ள புது நம்பரோட பேட்டர்ன் லைன்ல வந்துடுச்சு. ஹார்டுவேர் சர்க்யூட்ல முக்கால்வாசி இதுதான். நிழல் 8க்குப் பக்கத்துல இருக்குற டிஜிட் 1ல தெரிஞ்சா கதை உல்டா, புது டிஜிட் எரிய ஆரம்பிச்சும் பழைய பேட்டர்ன் இன்னும் லைன்லயே நிக்குது. மைக்ரோகன்ட்ரோலர் ப்ரோக்ராம்ல டிஜிட்டை முதல்ல மாத்திட்டு செக்மென்ட்டை அப்புறமா எழுதினா இப்படித்தான் ஆகும்.

393 ஒரு ரிப்பிள் கவுன்டர், 01ல இருந்து 10க்குப் போகும்போது நடுவுல ஒரு கணம் 00 வந்து போகும், அதுதான் நிழலுக்குக் காரணம்னு சில பேர் சொல்றதைப் பார்த்திருக்கேன். அது சில பத்து நேனோசெகண்ட்தான், அதுக்குள்ள BC557 ஆன் ஆகவே ஆகாது, அதைத் துரத்திட்டுப் போகாதீங்க.

"சரி, அந்த நிழலை எப்படி சரி பண்றது?"

மாத்தறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கொஞ்ச நேரம் அணைச்சிடணும், இதுக்குப் பேர் ப்ளாங்கிங். 393ல நாலு பிட் இருக்கு, நாம QA, QB ரெண்டை மட்டும்தான் யூஸ் பண்றோம், QCயும் QDயும் சும்மா கிடக்கு. இப்போ டிஜிட் செலக்ட்டை QC, QDக்கு மாத்திடுங்க, 139க்கும் 153க்கும் ரெண்டு இடத்துலயும் மாத்தணும், மறந்துடாதீங்க. QAயையும் QBயையும் 74HC08ல ஒரு AND கேட்டுக்குக் கொடுத்து, அவுட்புட்டை 139ஓட 1வது பின்னுக்குக் கொண்டு போங்க. அந்த பின் ஹை ஆனா நாலு டிஜிட்டும் ஆஃப்.

இப்போ ஒவ்வொரு டிஜிட்டோட நேரமும் நாலு துண்டா பிரியுது, முதல் மூணு துண்டுல எரியும், கடைசித் துண்டுல QA, QB ரெண்டும் 1 ஆகி அணைஞ்சிடும், அந்த இருட்டுலயே ட்ரான்சிஸ்டர் முழுசா ஆஃப் ஆகி முடிச்சிடும், அதுக்கப்புறம்தான் QC மாறி புது பேட்டர்ன் வரும். ஒரு ரவுண்டுக்கு இப்போ 16 பல்ஸ் வேணும்ங்கறதால 555ஐ வேகப்படுத்தணும், RBய 47 கிலோ ஓம் ஆக்கினா சுமார் 1500 ஹெர்ட்ஸ், 16ஆல வகுத்தா ஏறக்குறைய 95 ரவுண்டு.

இதுக்கு விலை கால்வாசி வெளிச்சம். நிழல் போறதுக்கு சில மைக்ரோசெகண்டே போதும், நாம 600 மைக்ரோசெகண்டுக்கு மேல கொடுக்குறோம், கொஞ்சம் தாராளம்தான், ஆனா ஒரே ஒரு கேட்ல வேலை முடியுது. வெளிச்சம் முக்கியம்னா 393க்குள்ள இருக்குற இன்னொரு கவுன்டரையும் தொடர்ந்து போட்டு, கடைசித் துண்டை இன்னும் சின்னதா வெட்டிக்கலாம்.

"செக்மென்ட் ரெசிஸ்டர் என்ன வேல்யூ? நாலு ஆனோட்ல நாலு ரெசிஸ்டர் போட்டா மூணு மிச்சமாகுமே?"

ஆனோட்ல போடாதீங்க. ஆனோட்ல ஒரே ரெசிஸ்டர்னா அந்த டிஜிட்ல எரியற எல்லா செக்மென்ட்டும் அதே கரன்ட்டைப் பங்கு போட்டுக்கும், 1 வந்தா ரெண்டு பேருக்கு பங்கு, 8 வந்தா ஏழு பேருக்கு, அதனால 1 பளபளன்னும் 8 மங்கலாவும் இருக்கும். ரெசிஸ்டர் 74LS47க்கும் செக்மென்ட் லைனுக்கும் நடுவுல ஏழு, அவ்வளவுதான்.

வேல்யூ கணக்கு இது. 5 வோல்ட்ல ட்ரான்சிஸ்டர்ல 0.2 போகும், சிவப்பு எல்இடில சுமார் 2.0, 74LS47ல 0.3, மிச்சம் 2.5 வோல்ட். 10 மில்லியாம்ப் வேணும்னா 250 ஓம், கடைல கிடைக்கிற 240ஓ 270ஓ போடுங்க. ஒவ்வொரு செக்மென்ட்டும் கால்வாசி நேரம்தான் எரியுது, அதனால சராசரி 2.5 மில்லியாம்ப், ப்ளாங்கிங்கும் போட்டா 2க்குக் கீழ. ரூமுக்குள்ள இப்போ வர்ற சிவப்பு டிஸ்ப்ளேவுக்கு இது தாராளம்.

8 எரியும்போது ஏழு செக்மென்ட் கரன்ட்டும் ஒரே ஆனோட் வழியா வரணும், 70 மில்லியாம்ப். இதனாலதான் டீகோடர் பின்னை நேரா ஆனோட்டோட கட்ட முடியாது. 139ஓட அவுட்புட் ஆக்டிவ் லோ, பிஎன்பி ட்ரான்சிஸ்டரும் பேஸ் லோ ஆனா ஆன் ஆகும், ரெண்டுக்கும் நடுவுல இன்வெர்ட்டரே வேணாம், 1 கிலோ ஓம் பேஸ் ரெசிஸ்டர் போதும், பேஸ்ல சுமார் 4 மில்லியாம்ப் போகும். BC557 100 மில்லியாம்ப் வரைக்கும்தான், நீங்க செக்மென்ட்டுக்கு 20ன்னு ஏத்தினா மொத்தம் 140 ஆயிடும், அப்போ BC327 மாதிரி பெருசா ஒண்ணு போடணும்.

"பெரிய டிஸ்ப்ளே, 12 வோல்ட் வேணும். எமிட்டரை மட்டும் 12க்கு மாத்தினா போதுமா?"

போதாது, அப்படி மாத்திடாதீங்க. எமிட்டர் 12ல இருக்கும்போது 139 ஹைன்னு கொடுக்கறதே 5 வோல்ட்தான், ட்ரான்சிஸ்டருக்கு அதுவும் லோதான், நாலும் எப்பவுமே ஆன்லயே இருக்கும். அதோட பேஸ் வழியா 12 வோல்ட் பக்கத்துல இருந்து கரன்ட் 139க்குள்ள தள்ளி ஐசியே போயிடும். பிஎன்பிக்கு முன்னாடி ஒரு என்பிஎன் வெச்சு பேஸை இழுக்கணும், பிஎன்பியோட பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல ஒரு 10 கிலோ ஓம் போடணும், இல்லேன்னா ஆஃப் ஆக ரொம்ப நேரம் எடுத்து மேல சொன்ன நிழல் திரும்ப வந்துடும். என்பிஎன் தலைகீழா மாத்திடும், அதனால 139க்கு பதிலா அவுட்புட் ஆக்டிவ் ஹையா இருக்குற டீகோடர் வேணும், அல்லது நடுவுல இன்வெர்ட்டர். செக்மென்ட் ரெசிஸ்டரையும் 12 வோல்ட்டுக்குத் திரும்ப கணக்குப் போடணும்.

"வேகமா ஓடும்போது ஒண்ணுமே புரியல, எப்படி செக் பண்றது?"

555ல இருக்குற 10 நேனோ ஃபாரட்டை எடுத்துட்டு 10 மைக்ரோ ஃபாரட் போடுங்க. ஆயிரம் மடங்கு மெதுவா ஆயிடும், RB 180 கிலோ ஓம்ல ஒரு டிஜிட் 2.5 செகண்ட் நிக்கும். வலது ஓரத்துல 8 எரியும், அணையும், அடுத்து 0, அப்புறம் 5, அப்புறம் 2. ஒவ்வொண்ணா நிக்கும்போது கவுன்டர் பின்ல மீட்டர் வெச்சு 00, 01, 10, 11 சரியா வருதான்னு பார்த்துடலாம். நாம செக்மென்ட்டுக்கு 10 மில்லியாம்ப்தான் வெச்சிருக்கோம், நின்னு எரிஞ்சாலும் எல்இடிக்கு ஒண்ணும் ஆகாது. பல்ஸ்ல பிரகாசமா வரணும்னு 40, 50ன்னு ஏத்தி வெச்சிருக்கறவங்க இப்படி மெதுவாக்கக்கூடாது, கவுன்டர் நின்னாலே அந்த டிஜிட் வெந்துடும்.

"எஃப்பிஜிஏ போர்டுல இதையே வெரிலாக்ல எப்படி எழுதறது?"

பேசிஸ் 3 போர்டுல நாலு காமன் ஆனோட் டிஜிட் இருக்கு, ஆனோட் லைன் நாலும் ஆக்டிவ் லோ, க்ளாக் 100 மெகா ஹெர்ட்ஸ். பெரிய கவுன்டர் ஒண்ணு வெச்சு மேல் ரெண்டு பிட்டை மட்டும் செலக்ட்டா எடுத்துக்கணும்.

```verilog
reg [17:0] cnt = 0;
reg [3:0] bcd;
wire [1:0] sel = cnt[17:16];

always @(posedge clk) cnt <= cnt + 1;

always @* case (sel)
  2'b00: bcd = d0;
  2'b01: bcd = d1;
  2'b10: bcd = d2;
  2'b11: bcd = d3;
endcase

assign an = (cnt[15:12] == 4'hF) ? 4'b1111
                                 : ~(4'b0001 << sel);
```

18 பிட் ஒரு சுத்து முடிய 2.6 மில்லிசெகண்ட், செகண்டுக்கு சுமார் 381 ரவுண்டு. ஒவ்வொரு டிஜிட்டோட கடைசி 16ல ஒரு பங்கு, அதாவது 41 மைக்ரோசெகண்ட் எல்லாம் அணைஞ்சு இருக்கும், மேல கேட் வெச்சு பண்ணின அதே ப்ளாங்கிங்தான். `sel`ங்கற ஒரே வயர் `case`க்கும் `an`க்கும் ரெண்டுக்கும் போகுது பாருங்க. `cnt[1:0]`ஐ செலக்ட்டா எடுத்தா ஒரு டிஜிட்டுக்கு 10 நேனோசெகண்ட்தான், சிமுலேஷன்ல எல்லாம் கரெக்டா வரும், போர்டுல நாலு நம்பரும் கலங்கி நிக்கும்.

"போன்ல வீடியோ எடுத்தா ரெண்டு டிஜிட் காணோம், நேர்ல நல்லாத்தான் இருக்கு?"

கேமரா ஒரு ஃப்ரேம் எடுக்குற நேரத்துல எந்த டிஜிட் எரிஞ்சுதோ அதுதான் பதியும். வெளிச்சமான இடத்துல ஷட்டர் டைம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழ போயிடும், நம்ம ரவுண்டு 10 மில்லிசெகண்ட். சர்க்யூட்ல தப்பு இல்ல. வீடியோதான் வேணும்னா ரூம் வெளிச்சத்தைக் குறைங்க, கூடவே ஸ்கேனை 400, 500 ரவுண்டுக்கு ஏத்துங்க, ப்ளாங்கிங் போட்டிருந்தா நிழல் வராது.

"6க்கு மேல் கோடு இல்ல, 9க்கு கீழ் கோடு இல்ல, a, d வயர் போயிடுச்சா?"

இல்ல, 74LS47 அந்த ரெண்டையும் அப்படித்தான் வரையும். 8 போட்டுப் பாருங்க, அதுல a, d ரெண்டும் எரிஞ்சா வயரெல்லாம் சரி.